ஆறும் அரண்மனையும்: புதினத்தில் குறியீடு வளரும் விதம்

நுழையும்முன்

ஒரு புதினத்தைப் படித்து முடித்தபின் கதைமாந்தர் சிலர் நினைவில் நிற்கின்றனர். நிகழ்ச்சிகள் சில நிற்கின்றன. இவற்றோடு ஓர் ஆறோ, ஒரு வீடோ, ஒரு மரமோகூட நிற்பதுண்டு. அவற்றை ஆசிரியர் எங்கும் விளக்கியிருக்கமாட்டார். ஆயினும் அவை வெறும் இடங்களல்ல என்று நமக்குத் தோன்றுகிறது. இத்தோற்றம் எவ்வாறு உண்டாகிறது என்பதைக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தை முன்வைத்து இப்பாடம் ஆராய்கிறது.

ஒற்றை வரி விடை

'பொன்னியின் செல்வனில் காவிரி எதன் குறியீடு?' என்று ஒருமுறை வகுப்பில் வினவினேன். ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் ஒரே விடை இருந்தது: 'காவிரி தாய்மையின் குறியீடு.' இவ்விடை பிழையன்று. ஆனால் இதனை எழுத அப்புதினத்தைப் படித்திருக்கவேண்டிய தேவையில்லை. ஆற்றைத் தாய் என்பது நம் வழக்கு. கதையைப் படிக்காதவரும் அதனை எழுதிவிடலாம். ஒரு மாணவி மட்டும் வேறொன்றை எழுதியிருந்தார்: 'முதலில் தெய்வமாக இருந்தது, பிறகு ஒரு பெண்ணாக மாறிவிடுகிறது.' அவருடைய தொடரில் இலக்கணப் பிழை ஒன்று இருந்தது. எனினும் வினாவின் உட்பொருளைத் தொட்டது அவ்விடை ஒன்றே.

குறியீட்டைச் சொல்லுக்குப் பொருள் கூறுவதுபோல 'இது அதற்கு ஈடு' என்று எழுதி முடிப்பதே நாம் பெரும்பாலும் செய்யும் தவறு. புதினத்தில் வரும் குறியீட்டுக்குத் தொடக்கத்திலேயே ஒரு பொருள் இருந்து, அது முடிவுவரை அப்படியே நீடிப்பதில்லை. ஒரே பொருள் மீண்டும் வருகிறது. வரும்போதெல்லாம் சூழல் மாறியிருக்கிறது. முன்பு வந்தபோது நாம் உணர்ந்தது இப்போது வருவதோடு சேர்ந்துகொள்கிறது. இவ்வாறு சேர்ந்துகொண்டே போவதுதான் அதன் பொருள்.

சங்கப் பாடலுக்கும் புதினத்துக்கும் உள்ள வேறுபாடு

கருப்பொருளைக்கொண்டு சொல்லாததை உணர்த்துவது தமிழுக்குப் புதிதன்று. உள்ளுறை, இறைச்சி ஆகியவற்றை முன்வகுப்பில் கற்றிருக்கிறோம். மருதத்திணைப் பாடலில் எருமை ஒன்று பொய்கைத் தாமரையை மேய்ந்தால் அது தலைவனின் ஒழுக்கத்தைக் குறிப்பால் உணர்த்துகிறது என்று பயின்றவர் உடனே அறிந்துகொள்வர். சில அடிகளே உள்ள பாடலில் இது எவ்வாறு இயல்கிறது? திணை மரபு புலவருக்கும் கேட்போருக்கும் பொதுவாக இருப்பதால்தான். பொருளின் பெரும்பகுதி பாடலுக்கு வெளியே, மரபில், முன்னரே ஆயத்தமாக இருக்கிறது.

புதின ஆசிரியருக்கு அத்தகைய உடன்பாடு இல்லை. அவர் ஓர் அரண்மனையை வருணித்தால் படிப்பவர் அதனை அரண்மனையாகவே கொள்வர். அதற்கு மேலும் ஒன்றை உணர்த்தவேண்டுமாயின் அப்பொருளைக் கதைக்குள்ளேயே, படிப்பவர் கண்முன்னே, சிறிதுசிறிதாக ஆக்கிக்கொள்ளவேண்டும். அதற்கு நீளம் வேண்டும், காலமும் வேண்டும். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்தது. வாரந்தோறும் ஒரு பகுதியாகப் படித்தவர், முதல் பாகத்தில் கண்ட ஆற்றை ஐந்தாம் பாகத்தில் மீண்டும் காண ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். ஒரே விடுமுறையில் ஐந்து பாகங்களையும் படித்துவிடும் நமக்கு, திரும்பவருதல் அவர்களினும் தெளிவாகத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

முதல் தோற்றம்: ஆடிப்பெருக்கு

புதினம் நீரில் தொடங்குகிறது. முதல் பாகத்தின் பெயரே 'புது வெள்ளம்'. ஆடித் திங்கள் பதினெட்டாம் நாளன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரைமீது குதிரையில் வருகிறான். இன்று நாம் வீராணம் என்று வழங்கும் ஏரி அது. ஏரி நிரம்பித் ததும்புகிறது. அதன் எழுபத்து நான்கு மதகுகளின் வழியாகவும் நீர் வெளியேறி வயல்களை நாடி ஓடுகிறது. மக்கள் குடும்பம் குடும்பமாகக் கரையில் கூடிப் பெருக்கைக் கொண்டாடுகின்றனர்.

இந்த ஏரி எதற்கும் குறியீடு என்று முதல் அதிகாரத்திலேயே யாரும் கூறமுடியாது, கூறவும் கூடாது. அது ஒரு திருநாளின் காட்சி, அவ்வளவே. ஆனால் ஆசிரியர் இரண்டு செய்திகளை அங்கே விதைத்துவிடுகிறார். ஒன்று மதகுகள். அந்த ஏரி நீரைத் தேக்கிவைக்கிறது. தேக்குவது பகிர்ந்து கொடுப்பதற்காக. மற்றொன்று, அம்மகிழ்ச்சியின் நடுவே பனைமரக் கொடியுடன் வரும் ஓடங்கள். பழுவேட்டரையரின் ஆட்கள் கரையில் நிற்கும் மக்களை விலக்கித் தள்ளுகின்றனர். எல்லோருக்கும் உரிய நீரின் கரையில், அதிகாரம் தனக்கென்று ஓர் இடத்தை வளைத்துக்கொள்கிறது. கதையின் போராட்டம் முழுவதும் அந்தச் சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருப்பதை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் காண்கிறோம்.

ஒரே நீர், மூவர் பார்வை

அருள்மொழிவர்மன் சிறுவனாக இருந்தபோது அரச குடும்பத்தினர் காவிரியில் படகில் சென்றனர். குழந்தை தவறி ஆற்றில் விழுந்தது. எல்லோரும் செய்வதறியாது திகைத்தபோது, ஒரு பெண் குழந்தையை நீரிலிருந்து தூக்கிக் கொடுத்துவிட்டு மறைந்துபோனாள். காவிரித் தாயே வந்து காத்தாள் என்று அனைவரும் நம்பினர். 'பொன்னியின் செல்வன்' என்னும் பெயர் இந்நிகழ்ச்சியால் அமைந்தது. இந்நிலையில் ஆறு ஒரு தெய்வம். மாணவர் எழுதிய ஒற்றை வரி விடை இங்கேயே நின்றுவிடுகிறது.

கதை அங்கே நிற்கவில்லை. நோயுற்றுக் கால்கள் செயலிழந்து தஞ்சை அரண்மனையில் கிடக்கும் சுந்தர சோழர், தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் குந்தவையிடம் கூறுகிறார். இலங்கைக்கு அருகே ஒரு தீவில் தன்னந்தனியே ஒதுங்கிய நாளில், அங்கே வாழ்ந்த வாய் பேசாத பெண்ணொருத்தியின்மீது அவர் அன்பு கொண்டார். பின்னர் இளவரசுப் பட்டம் அவரைத் தேடிவந்தது, அவளைப் பிரிந்தார். அவள் கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கடலில் குதித்து இறந்தாள் என்றே அவர் நம்புகிறார். அவளுடைய உருவம் இரவில் தோன்றித் தம்மை வருத்துவதாக எண்ணி நடுங்குகிறார். நீர் என்றால் அம்மன்னருக்கு நினைவுக்கு வருவது தாம் செய்த குற்றம்.

அவள் பெயர் மந்தாகினி. அவள் இறக்கவில்லை. குழந்தையை ஆற்றிலிருந்து தூக்கியவளும் அவளே. இளவரசன் இலங்கையில் அவளைக் காணும்போது, காவிரியம்மன் என்று தான் நம்பிவந்தவள் பேச்சற்ற ஒரு மானிடப்பெண் என்று அறிகிறான். தந்தை எந்த நீர் அவளைக் கொன்றதென்று நினைத்து வருந்துகிறாரோ, அந்த நீரிலிருந்தே அவள் மகனை மீட்டுத் தந்திருக்கிறாள்.

நீர் ஒன்றுதான். ஊரார்க்கு அது தெய்வத்தின் அருள். தந்தைக்கு அது குற்றவுணர்வு. மகனுக்கு அது பெயரறியாத ஒருத்தியின் அன்பு. இம்மூன்றில் எது 'சரியான' பொருள் என்று கேட்பதில் பயனில்லை. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தபின் 'பொன்னி' என்னும் சொல் நம் காதில் ஒலிக்கும் விதம் வேறாகிவிடுகிறது. புதினத்தின் தலைப்பைத் தொடக்கத்தில் ஓர் அரசனின் புகழ்ப்பெயராகப் படித்தோம். இப்போது அதில் அரண்மனையால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் பெயரும் கலந்துள்ளது. அந்த மாணவி எழுதியது இதனைத்தான்.

மற்றொன்றையும் இங்கே கருதலாம். மந்தாகினி என்பது கங்கையின் பெயர்களுள் ஒன்று. வானதி என்பதற்கு வானத்து ஆறு என்பது பொருள். படகோட்டும் பூங்குழலி சமுத்திரகுமாரி என்று அழைக்கப்படுகிறாள். அருள்மொழியின் வாழ்வோடு அன்பால் பிணைந்த இம்மூவரின் பெயரிலும் நீர் இருக்கிறது. ஒரு பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்தல் ஆகாது. மூன்றும் ஒரே திசையைக் காட்டுவதால் கூறுகிறேன்.

மறைக்கும் வீடுகள்

ஆற்றுக்கு எதிரே கல்கி அரண்மனைகளை நிறுத்துகிறார். கடம்பூரில் சம்புவரையர் மாளிகைக்குள் நுழைய வந்தியத்தேவன் முயலும்போது வாயிற்காவலர் தடுக்கின்றனர். அவன் குதிரையை வலிந்து செலுத்தி உள்ளே புகுகிறான். அன்று இரவு, உறங்குவதற்காகச் சென்ற இடத்திலிருந்து, சிற்றரசர்கள் கூடிப் பேசுவதை மறைந்திருந்து காண்கிறான். பழுவூர் இளையராணி இருப்பதாக எல்லோரும் எண்ணியிருந்த மூடுபல்லக்கின் திரை விலகுகிறது. உள்ளிருந்து வெளிப்படுபவர் மதுராந்தகத் தேவர்! மாளிகை, அதனுள் கூட்டம், கூட்டத்தின் நடுவே பல்லக்கு, பல்லக்கினுள் ஓர் இளவரசர். ஒன்றனுள் ஒன்றாக மறைவுகள்.

இந்த ஓர் இரவுக்குப்பின் இப்புதினத்தில் எந்த மதிலைக் கண்டாலும் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று ஐயுறப் பழகிவிடுகிறோம். பழுவூர் மாளிகையில் நிலவறை. கடம்பூரில் வேட்டை மண்டபமும் சுரங்க வழியும். பேரரசர் சுந்தர சோழரே தம் அரண்மனையில் ஏறக்குறையச் சிறைப்பட்டவர்தாம்; அவரைக் காணவேண்டுவோர் பழுவேட்டரையரின் காவலைக் கடந்து செல்லவேண்டும். காஞ்சியில் ஆதித்த கரிகாலன் தந்தைக்காகப் பொன்மாளிகை ஒன்று எழுப்புகிறான். தந்தை அங்கே வந்து தங்குவதே இல்லை. பல வீடுகள் வந்தாலும் வீடு என்பதன் இயல்பு ஒன்றாக இருப்பதைக் கவனிக்க. அது காப்பதற்காகக் கட்டப்பட்டது; ஆனால் மறைக்கிறது, பிரிக்கிறது.

கரிகாலன் இறப்பதும் கடம்பூர் மாளிகையில்தான். இருளில், நந்தினியின் அறையில், சுரங்கவழி வந்தோர் சூழ்ந்திருக்க, அவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்ற கை எதுவென்பது ஐயத்துக்கு இடமாகவே விடப்படுகிறது. மாளிகை தீப்பற்றி எரிகிறது. முதல் பாகத்தில் சதி பேசப்பட்ட வீடு இறுதிப் பாகத்தில் அச்சதியின் விளைவோடு எரிவது தற்செயலன்று. ஒரே வீட்டுக்குக் கதை திரும்பிவரும்போது முன்னைய இரவும் நம்முடன் திரும்பிவருகிறது. வேறொரு மாளிகையில் அக்கொலை நிகழ்ந்திருப்பின் கதை கெட்டுப்போயிராது; ஆனால் இவ்வளவு கனம் அதற்கு இராது.

கூரை மிதந்தது

குறியீடுகள் இரண்டும் தனித்தனியே வளர்ந்தபின் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் எப்போதும் கவனத்துக்குரியது. 'தியாகச் சிகரம்' என்னும் ஐந்தாம் பாகத்தில் அது நிகழ்கிறது. பெரும்புயல் வீசுகிறது. ஆறுகள் கரைபுரள்கின்றன, கடல் பொங்குகிறது.

நாகைப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் புகுந்து சூடாமணி விகாரத்தைச் சூழ்கிறது. நோயுற்று அங்கே மறைந்திருந்த அருள்மொழிவர்மன் இனி மறைந்திருக்க இயலாமல் மக்கள் முன் வெளிப்படுகிறான். கொள்ளிடத்தைக் கடக்கும்போது பெரிய பழுவேட்டரையரின் படகு கவிழ்கிறது. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுக் கரையேறியபின், அவர் சதிகாரர் பேசிக்கொள்வதைக் கேட்க நேர்கிறது. தாம் மணந்த நந்தினியைப் பற்றிய உண்மை அப்போதுதான் அவருக்குப் புலனாகிறது. தம் மாளிகையில் இருந்தவரை அவருக்குத் தெரியாதிருந்தது, வெள்ளம் அவரை வெளியே எறிந்தபின் தெரிகிறது.

குடந்தை சோதிடர் வீட்டின் கதையை நான் இவற்றினும் மேலாகக் கருதுகிறேன். முதல் பாகத்தில் வந்தியத்தேவன் வாயிலில் நின்ற சீடனைத் தள்ளிக்கொண்டு புகுந்த வீடு அது. கடம்பூரில் புகுந்ததைப் போன்றே புகுந்தான் என்பது நினைவிருக்கலாம். குந்தவை வானதியை அழைத்துவந்து அவளுடைய எதிர்காலத்தைக் கேட்டதும் அங்கேதான். ஐந்தாம் பாகத்தில் அவ்வீடு வெள்ளத்தில் அகப்படுகிறது. கூரை பெயர்ந்து மிதக்கிறது, அதன்மேல் வானதி! அவளைக் காக்கப் பாய்பவள் பூங்குழலி. அருள்மொழியை நினைத்திருக்கும் இருவருள் ஒருத்தி மற்றவளை மீட்கிறாள்.

எல்லோருடைய வருங்காலத்தையும் கணித்துக் கூறிய வீடு தனக்கு வரும் வெள்ளத்தின்முன் நிற்கவில்லை. இது நகைச்சுவையா, குறியீடா என்று கேட்டால் இரண்டும் என்பேன். கல்கியிடம் இவ்விரண்டும் அடிக்கடி சேர்ந்தே வரும். இதுவரை நீர் உயிர்காத்தது. இப்போது அழிக்கவும் செய்கிறது. 'தாய்மை' என்று எழுதியவர் இந்த வெள்ளத்தை எங்கே வைப்பார்? நீர் வெளிப்படுத்துகிறது, வீடு மறைக்கிறது என்று கொண்டால் ஆடிப்பெருக்கும் புயல் வெள்ளமும் ஒரே கதைக்குள் அடங்குகின்றன. ஒரு விளக்கம் பொருந்துகிறதா என்பதை, அதற்கு இடையூறாக நிற்கும் காட்சியைக்கொண்டே சோதிக்கவேண்டும்.

எல்லா நீரும் குறியீடன்று

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வாறு படிக்கப் பழகியவர் சிலர் பிறகு நிறுத்தத் தெரியாமல் தவிப்பதுண்டு. அரிசிலாற்றங்கரையில் பெண்கள் அலறும் குரல் கேட்கிறது. வந்தியத்தேவன் ஓடிவந்து, கரையில் கிடக்கும் முதலையின்மீது வேலெறிகிறான். முதலையோ முன்னரே இறந்தது. உள்ளே பஞ்சடைத்துவைத்த வெறும் தோல்! பெண்கள் நகைக்கின்றனர். இக்காட்சியை எடுத்துக்கொண்டு, 'நீரில் உள்ள தீமை உயிரற்றது என்பதன் குறியீடு இம்முதலை' என்று ஒருவர் எழுதலாம். எழுதியும் கண்டிருக்கிறேன். நான் அதற்கு மதிப்பெண் வழங்கவில்லை.

ஏன்? அம்முதலையைச் சுற்றிக் கதை எதையும் திரட்டிவைக்கவில்லை. முன்னும் பின்னும் எந்நிகழ்ச்சியோடும் அதற்குத் தொடர்பு கட்டப்படவில்லை. அதன் பணி, வீரமும் அவசரபுத்தியும் கலந்த ஓர் இளைஞனை இளவரசியின்முன் சற்றே நாணச்செய்வது. அப்பணியை அது அழகாகச் செய்துவிடுகிறது. அதற்குமேல் சுமையேற்றினால் காட்சியின் இனிமை கெடும்.

ஒரு பொருளைக் குறியீடு என்று கூறுமுன் மூன்றைப் பார்க்கவேண்டும் என்று நான் மாணவர்க்குச் சொல்வதுண்டு. அது கதையின் திருப்பங்களில் மீண்டும் வருகிறதா? வரும்போது முன்பு இருந்ததினின்று சிறிதேனும் மாறியிருக்கிறதா? அதனை நீக்கி வேறொன்றை வைத்தால் கதைமாந்தர் செயலுக்குக் குறை நேருமா? காவிரியை நீக்கினால் இளவரசனுக்குப் பெயரே இல்லை. மந்தாகினிக்கும் அவனுக்கும் உறவில்லை. முதலையை நீக்கி ஒரு பாம்பை வைத்தாலும் பெண்கள் நகைப்பர்.

மணிமகுடம்

மந்தாகினி இறுதியில் தஞ்சை அரண்மனைக்குள் வருகிறாள். தீவிலும் கடலிலும் ஆற்றிலும் வாழ்ந்தவள், தன்னை வெளியே நிறுத்திய வீட்டுக்குள் சுரங்கவழியே வந்து, மன்னர்மீது எறியப்பட்ட வேலைத் தான் ஏற்று உயிர்விடுகிறாள். மன்னர் அவளைப் பேயுருவாக அன்றி உயிருள்ளவளாக அறிந்துகொள்வது அந்நாளில்தான். வாழ்ந்த காலமெல்லாம் நீரோடு இருந்தவளுக்கு ஆசிரியர் சாவை அரண்மனையில் வைத்தார். வீட்டைப் பற்றி இவர் சொல்லிவந்த அனைத்தும் இங்கே மீண்டும் ஒருமுறை, மிகுந்த துயரத்துடன், சொல்லப்படுகிறது.

முடிசூட்டு நாள் வருகிறது. மக்கள் விரும்புவது அருள்மொழியை. படை விரும்புவதும் அவனையே. மகுடம் அவன் கைக்கு எட்டிவிட்டது. அதனை எடுத்து அவன் தன் சிற்றப்பன் உத்தம சோழன் தலையில் சூட்டுகிறான். பெயரால் கதையையே ஆள்பவன் கதைக்குள் அரியணை ஏறுவதில்லை. முதல் அதிகாரத்து ஏரியை இங்கே நினைவுகூர்க. அவ்வளவு நீரைத் தேக்கிய ஏரிக்கு எழுபத்து நான்கு மதகுகள் இருந்தன, எல்லாம் திறந்திருந்தன.

கற்பவை கற்றபின்

புதினத்தில் நந்தினியின் பல்லக்கு வரும் இடங்களைத் தொகுத்து, ஒவ்வோரிடத்திலும் அதன் பொருள் எவ்வாறு மாறுகிறது என்று ஒரு பக்க அளவில் எழுதுக. மேற்கூறிய மூன்று வினாக்களுக்கும் அது விடை தருகிறதா என்று வகுப்பில் கலந்துரையாடுக. நீங்கள் படித்த வேறொரு புதினத்தில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு பொருளைத் தேர்ந்து, அது குறியீடன்று என்று வாதிட முயல்க.